முதல் பக்க விலையை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்

டிக்கெட் எடுக்கும்போது பலரும் செய்யும் தவறு, தேடல் பக்கத்தில் தெரியும் விலையை வைத்தே தளத்தைத் தேர்வு செய்துவிடுவது. அங்கே ஒரு தளம் 900 காட்டுகிறது, இன்னொன்று 1,000 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 900 தானே மலிவு என்று உள்ளே போகிறோம். பெயர், வயது எல்லாம் நிரப்பிய பிறகு இருக்கைத் தேர்வுக்கு 60 சேர்கிறது. அடுத்த பக்கத்தில் பயணக் காப்பீடு 75, அதில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் 160. மொத்தம் 1,195.

இப்போது காப்பீட்டையும் இருக்கைத் தேர்வையும் எடுத்துவிட்டாலும் 1,060 வருகிறது. 1,000 காட்டிய தளம் கடைசியில் 40 மட்டும் சேர்த்து 1,040-இல் முடிக்கிறது. விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டும் உத்தி இதுதான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, மறுபடி முதலிலிருந்து யார் நிரப்புவது என்ற அலுப்புதான் அதன் பலம். ஒரு பெரிய டிக்கெட் தளத்தில் நடந்த பரிசோதனையில், கட்டணத்தைக் கடைசியில் பார்த்தவர்கள் முதலிலேயே பார்த்தவர்களைவிடச் சுமார் 21 சதவீதம் அதிகம் செலவழித்தார்கள். அதனால் இரண்டு தளத்திலும் பணம் கட்டும் பக்கம் வரை போய், அங்கே தெரியும் மொத்தத்தை ஒப்பிடுங்கள்.

டிக்கை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பது அடுத்த தவறு. ஒரு பக்கம் பின்னால் போய் தேதியை மாற்றினால் சில தளங்களில் அது மறுபடி முளைத்துவிடும். சில இடங்களில் டிக்கே இருக்காது. பளிச்சென்ற பெரிய பொத்தானை அழுத்தினால் காப்பீடு சேரும். வேண்டாம் என்பதோ வெளிறிய சின்ன எழுத்தில், "ஆபத்தை நானே ஏற்கிறேன்" என்று பயமுறுத்தும் வாசகமாக இருக்கும். எனவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கட்டண விவரத்தை விரித்து வரி வரியாகப் பாருங்கள்.

அப்புறம் அந்த ஓடும் கடிகாரம். எல்லாக் கடிகாரமும் பொய்யில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த இருக்கையைப் பத்து நிமிடம் பிடித்து வைப்பது நிஜமான ஏற்பாடு. நேரம் முடிந்தால் இருக்கை கைவிட்டுப் போகும். சந்தேகப்பட வேண்டியது "இந்தச் சலுகை இன்னும் 09:58 மட்டுமே" என்ற வகை. அதே பக்கத்தைப் பிரவுசரின் பிரைவேட் விண்டோவில் திறங்கள். சலுகைக் கடிகாரம் அங்கே மறுபடி பத்திலிருந்து தொடங்கினால் அது எல்லோருக்கும் பொதுவான கெடு அல்ல, உங்களை அவசரப்படுத்த வைத்தது. பூஜ்யம் வரை ஓடவிட்டும் பார்க்கலாம். விலை அப்படியே இருந்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் இருக்கைக் கடிகாரத்தில் இந்தச் சோதனை வேண்டாம், இருக்கை நிஜமாகவே போய்விடும்.

பணம் கட்டும் கட்டத்தில் வரும் ஓடிபி செய்தியில் பெரும்பாலும் தொகையும் இருக்கும். நாம் ஆறு எண்களை மட்டும் பார்த்துத் தட்டிவிடுகிறோம். அந்தத் தொகை 1,040-ஆ, 1,115-ஆ என்று ஒரு நொடி பாருங்கள். 1,115 என்றால் இங்கேயும் 75-க்குக் காப்பீடு உள்ளே வந்திருக்கிறது. எண்ணைத் தட்டாமல் பின்வாங்க அப்போதும் நேரம் இருக்கிறது.