முதல் சந்திப்புக்கு எந்தப் படம்? மலையகத்தில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

"உங்களுக்கு என்ன மாதிரிப் படம் பிடிக்கும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "எதுனாலும் பரவாயில்ல, நீங்களே பாருங்க." இதைக் கேட்டதும் தனக்குப் பிடித்த நடிகரின் படத்துக்கு இரண்டு டிக்கட் எடுத்துவிடுகிறார்கள். பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். அந்தப் பதிலில் அவருடைய ரசனையைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. இன்னும் நன்றாகப் பழகாத ஒருவரிடம் "எனக்கு வெட்டுக்குத்துப் படம் ஒத்துவராது" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

பிடித்ததைக் கேட்பதை விட, பிடிக்காததைக் கேட்டால் வாய் திறப்பார்கள். "கடைசியா எந்தப் படத்தைப் பாதியிலேயே நிப்பாட்டுனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு படத்தின் பெயரும், கூடவே காரணமும் வரும். "ஒரே ரத்தம்", "அழுதுகிட்டே இருந்தாங்க", "மூணு மணித்தியாலம் இழுத்தான்" என்று அவர் சொல்லும் அந்தக் காரணம்தான் உங்களுக்கு வேண்டியது. அப்புறம் ஓடுகிற படங்களில் இரண்டை மட்டும் சொல்லி, "இதுல எது வேணாம்?" என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றைத் தள்ளுவது யாருக்கும் லேசு. பட்டியல் முழுவதையும் அனுப்பினால் பழையபடி "எதுனாலும் பரவாயில்ல"தான்.

நேரக் கணக்கைப் பார்க்காமல் டிக்கட் எடுப்பது

கொழும்பில் இருப்பவருக்குப் படத்தின் நீளம் பெரிய விஷயமில்லை. மலையகத்தில் படத்தைத் தேர்வு செய்வதே நீளத்தை வைத்துத்தான் இருக்க வேண்டும் என்பேன். சொந்த ஊர்ப்பக்கம் போய் உட்கார்ந்தால் தெரிந்த முகம் நாலாவது இருக்கும் என்பதால், ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் கண்டிக்குப் போகிறார்கள். அங்கே நகரத்தின் நடுவிலேயே மல்டிபிளெக்ஸும் இருக்கிறது, கூட்டத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. ஆனால் திரும்பி வரும் வழி நீளம்.

ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். அவள் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அவன் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டியில் சந்திப்பதாக ஏற்பாடு. அவன் பார்த்து வைத்திருப்பது பெரிய நட்சத்திரத்தின் புதுப்படம், 2 மணித்தியாலம் 45 நிமிடம், பிற்பகல் 2.30 காட்சி. விளம்பரத்துக்கும் இடைவேளைக்கும் சேர்த்து அரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். வெளியே வரும்போது 5.45. கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு பஸ்ஸில் இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம். அதாவது ஹட்டனைத் தொடும்போதே 8.15 தாண்டிவிடும். அங்கிருந்து தலவாக்கலை, தலவாக்கலையிலிருந்து தோட்டம். அந்த நேரத்துக்குத் தோட்டத்துக்கு பஸ் இருக்காது, ஆட்டோதான். வீட்டில் என்ன சொல்வது என்ற யோசனை அவளுக்கு இடைவேளையிலேயே வந்துவிடும். அதற்கப்புறம் திரையில் யார் யாரை அடித்தால் என்ன?

அதே ஞாயிறு காலை 10.30 காட்சியில் 2 மணித்தியாலம் 5 நிமிடம் ஓடும் ஒரு குடும்பப் படமும் இருக்கிறது. அதே அரை மணித்தியாலத்தைச் சேர்த்தாலும் 1.05க்கு முடிந்துவிடும். சாப்பிட்டு, பேசி, 2.30க்கு பஸ் ஏறினால் 5.30க்குள் ஹட்டன். பொழுது சாய்கிற நேரத்தில் தலவாக்கலை. என்ன, அவள் காலை ஆறு மணிக்கே புறப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு வெள்ளென எழும்ப மனம் வராதுதான், ஆனால் அது இரவில் ஆட்டோ தேடுவதை விட ஆயிரம் மடங்கு மேல். படத்துக்குப் பின் கிடைக்கும் அந்த ஒன்றரை மணித்தியாலத்தையும் கவனியுங்கள். சந்திப்பு என்பது உண்மையில் அங்கேதான் நடக்கிறது. இருட்டில் பக்கத்துப் பக்கத்தில் வாய் மூடி உட்கார்ந்திருப்பதில் யாரும் யாரையும் தெரிந்துகொள்ள முடியாது.

நீளம் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். டிக்கட் பதிவு செய்யும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். தமிழ்ப் படங்களில் வெளியான பிறகு நீளத்தைக் குறைப்பதும் உண்டு. 2024இல் வந்த 'மெய்யழகன்' கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலமாக வெளியாகி, சில நாட்களில் சுமார் 18 நிமிடம் வெட்டப்பட்டது. அதனால் முதல் நாள் பார்த்த கணக்கை இரண்டாம் வாரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிரைலரை நம்புவது

டிரைலரில் சிரிப்புக் காட்சிகளைப் பொறுக்கிப் போட்டிருப்பார்கள், உள்ளே போனால் இரண்டாம் பாதி முழுக்க ஆஸ்பத்திரியாக இருக்கும். இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் ஓரளவு உதவும். முன்பு U/A என்ற ஒரே பெட்டிக்குள் குழந்தைப் படமும் இருக்கும், கழுத்தறுப்பும் இருக்கும். 2024 கடைசியிலிருந்து அதை UA 7+, UA 13+, UA 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ரசனை தெரியாத ஒருவரோடு போவதற்கு U அல்லது UA 7+ பாதுகாப்பு. UA 13+ என்றால் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். UA 16+ஐ இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். A சான்றிதழ் படத்துக்கு முதல் சந்திப்பில் கூப்பிடுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சான்றிதழ் வயதைத்தான் சொல்லும், மனநிலையைச் சொல்லாது. அதற்கு IMDb தளத்தில் படத்தின் பக்கத்துக்குப் போய் Parents Guide என்ற பகுதியைப் பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெற்றோருக்கென்று போட்டிருப்பது, ஆனால் நம் வேலைக்கும் கச்சிதமாகப் பொருந்தும். காமம், வன்முறை, கெட்ட வார்த்தை, குடியும் புகையும், பயமுறுத்தும் காட்சிகள் என்று பிரித்துப் பார்வையாளர்களே எழுதியிருப்பார்கள். இரண்டு குறைகள் உண்டு. புதுத் தமிழ்ப் படத்துக்கு முதல் சில நாட்கள் அந்தப் பகுதி வெறுமையாகவே கிடக்கலாம். எழுதியிருந்தால் கதையின் முடிச்சையும் போட்டு உடைத்திருக்கலாம். ஆகவே நீங்கள் மட்டும் படியுங்கள், அவருக்கு லிங்க் அனுப்ப வேண்டாம்.

அதுவும் இல்லையென்றால் படம் பார்த்த ஒரு நண்பரிடம், "நல்லா இருக்கா?" என்று கேட்காமல், "அம்மாவோட உக்காந்து பாத்தா நெளியிற மாதிரி சீன் ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவருடைய ரசனைதான் பதிலாக வரும். இரண்டாவதற்குத்தான் உங்களுக்குத் தேவையான தகவல் வரும்.

பேயும் போரும்

பேய்ப் படத்துக்குக் கூட்டிப்போனால் பயத்தில் கையைப் பிடித்துக்கொள்வாள் என்ற யோசனையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. பயப்படாதவருக்கு அது சலிப்பு. பயப்படுகிறவர் அன்றிரவு லயத்துக்கு வெளியே இருக்கும் கக்கூசுக்குத் தனியாகப் போக வேண்டும். இரண்டிலும் உங்களுக்கு நல்ல பெயர் கிடையாது.

இதை விடக் கவனம் வேண்டியது இலங்கைத் தமிழர் கதை சொல்லும் இந்தியப் படங்கள். நம்மைப் பற்றிய படம், பேச விஷயம் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் எதிரே இருப்பவரின் குடும்பக் கதை உங்களுக்கு இன்னும் தெரியாது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. கடைசி யுத்தத்தில் அவர்களும் அகப்பட்டார்கள். அவருடைய பெரியம்மா வீடு அங்கே இருந்ததா, அதில் யாராவது திரும்பி வராமல் போனார்களா என்பது இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் அவராகச் சொல்ல வேண்டிய விஷயம். குண்டு விழும் காட்சியில் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு அதைத் தெரிந்துகொள்ளும் நிலைமை உங்களுக்கு வர வேண்டாம். 2025இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' மாதிரி, இலங்கையிலிருந்து தப்பிப் போகும் குடும்பத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் படமானாலும், முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. (சென்னை நடிகர்கள் பேசும் இலங்கைத் தமிழ் வேறு கதை. இலங்கை என்றாலே எல்லாரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். அது குறைந்தபட்சம் இருவருமாகச் சேர்ந்து சிரிக்க உதவும்.)

சாதிக் கொடுமையைப் பேசும் நல்ல படங்களுக்கும் இதே கணக்குத்தான். பார்க்க வேண்டியவை, ஆனால் முதல் நாளில் அல்ல.

டிக்கட் எடுக்கும்போது

பழைய தியேட்டர்களில் பொக்ஸ் என்று மறைப்பு வைத்த இருவர் இருக்கை இருக்கும். அதை எடுக்காதீர்கள். உங்கள் மனதில் ஒன்றும் இல்லாவிட்டாலும், அந்த இருக்கைக்கு ஊருக்குள் என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும். பல்கனியில் நடுவில், நடைபாதைக்குப் பக்கமாக இரண்டு சீட் போதும். ஓர இருக்கையை அவருக்கு விடுங்கள், எழுந்து போக நினைத்தால் யாருடைய முழங்காலையும் தாண்டாமல் போகலாம்.

பெரிய நட்சத்திரப் படத்தின் முதல் வார இறுதியையும் விட்டுவிடுங்கள். விசிலில் வசனமே கேட்காது, சேர்ந்தாற்போல் இரண்டு இடம் கிடைப்பதும் கஷ்டம்.

இடைவேளையை வீணாக்குவது

இவ்வளவு பார்த்தும் படம் தவறாகப் போகலாம். அதற்காகவே கடவுள் இடைவேளையைப் படைத்தார். முதல் பாதியில் அவர் போனை மூன்று நான்கு தடவை எடுத்துப் பார்த்தார், சிரிக்க வேண்டிய இடத்தில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார் என்றால் படம் பிடிக்கவில்லை. அப்போது "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார். "எனக்கு என்னமோ இழுக்குற மாதிரி இருக்கு, வெளியில போய் டீ குடிப்போமா?" என்று பழியை நீங்கள் ஏற்றுக்கொண்டு கேளுங்கள். "இல்ல, முடிவைப் பாப்போம்" என்றால் உண்மையிலேயே பார்க்க விரும்புகிறார் என்று அர்த்தம். டிக்கட் காசு போகிறதே என்று கடைசி வரை உட்கார வைப்பதில் லாபம் எதுவும் இல்லை.

இன்னொன்று. தியேட்டர்களில் புதுப்படம் வந்ததும் காட்சி நேரங்கள் மாறும். கூட்டம் குறைந்த சின்னப் படம்தான் முதலில் காலைக் காட்சியை இழக்கும். நாம் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் அந்த மாதிரிப் படத்தைத்தான். ஆகவே சனிக்கிழமை இரவே தியேட்டரின் பக்கத்தில் நேரத்தை இன்னொரு தடவை பாருங்கள். அவர் சொன்ன காரணத்துக்குள் மாட்டாத இன்னொரு படத்தின் நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பஸ்ஸுக்குச் சரிவராவிட்டால், அவர் காலை ஆறு மணி பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.