"சாஃப்ட்வேர்ல மாட்டாம மாத்திக் குடுங்க சார்"

போன மாசியில் என் பழைய மாணவன் ஒருவன் கும்பகோணத்தில் என் வீட்டுக்கு வந்தான். இப்போது வேறொரு கல்லூரியில் முதுகலை படிக்கிறான். கையில் குறுவை நெல் சாகுபடி பற்றிய ஆய்வேடு, அதன்மேல் எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் கொடுத்த அறிக்கை: ஒற்றுமை 34 சதவீதம். "குடுத்துட்டேன் சார், திருப்பி அனுப்பிட்டாங்க. சாஃப்ட்வேர்ல மாட்டாம கொஞ்சம் மாத்திக் குடுங்க."

இப்படி வருகிறவனிடம் ஆசிரியர்கள் நாம் செய்யும் முதல் தவறு, அந்த எண்ணைப் பார்த்ததுமே திருடன் என்று முடிவுகட்டித் திட்டுவது. நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். அந்த எண் சொல்வது ஒற்றுமையை மட்டும்தான். அதில் திருட்டு எவ்வளவு என்பதை நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்று அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். 34-இல் 9 துணைநூற்பட்டியல். 6, மேற்கோள் குறிக்குள் மூலம் காட்டி எழுதியிருந்த காவிரித் தீர்ப்பின் வரிகள். 4, எல்லார் ஆய்வேட்டிலும் ஒரேமாதிரி இருக்கும் சான்றிதழ்ப் பக்கமும் நன்றியுரையும். மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் நன்றியுரையையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையே சொல்கிறது. யாரோ அந்த விலக்கைப் போடாமல் ஓட்டியிருக்கிறார்கள். மிச்சம் 15. அத்தனையும் இரண்டாம் இயலில் நான்கு பத்தி, ஒரே கட்டுரையிலிருந்து எடுத்தவை. அந்த நான்கு பத்திதான் வேலை.

அடுத்த தவறு இன்னும் பெரியது: இரக்கப்பட்டு நாமே சொல்லை மாற்றிக் கொடுப்பது. (காசு வாங்கிக்கொண்டு செய்து தரும் கடைகளும் உண்டு.) வருவதற்கு முன் அவனே ஒரு பத்தியை மாற்றிப் பார்த்திருந்தான். மூலத்தில் இருந்த செய்தி இது: ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நடக்கும், திறப்பு தள்ளிப்போனால் குறுவையை விட்டுவிட்டு ஒருபோக சம்பாவுக்குப் போவார்கள். இவன் 'ஜூன் 12' என்பதை 'ஆனி மாதம்' ஆக்கினான், 'ஒருபோக சம்பா'வைத் 'தாளடி' ஆக்கினான். ஜூன் 12 வைகாசிக் கடைசி. ஆனி பிறக்க இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கும். தாளடியோ குறுவை அறுத்த வயலில் போடுவது. குறுவையே இல்லாத வருடம் தாளடி எங்கிருந்து வரும்? மென்பொருள் இதை விட்டுவிடலாம். வாய்மொழித் தேர்வுக்கு வருகிற பேராசிரியர் மன்னார்குடிப் பக்கத்துக்காரராக இருந்தால் முதல் கேள்வியே இதுதான். அதுவும் போக, சொல் மாறினாலும் கருத்து அடுத்தவருடையது. மூலம் சொல்லாதவரை அது திருட்டுதான். வெள்ளை நிறத்தில் எழுத்தை ஒளிப்பது, வேறு மொழி எழுத்தை நடுவில் செருகுவது போன்ற வித்தைகளைக் கேட்கவே வேண்டாம். அவற்றைக் கண்டுபிடித்துத் தனியாகக் குறி போட்டுக் காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன.

நான் செய்தது இவ்வளவுதான். அந்தக் கட்டுரையை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, "இதுல என்னடா சொல்றான்?" என்று கேட்டேன். தட்டுத்தடுமாறிச் சொன்னான். "உங்க வீட்ல தண்ணி லேட்டான வருஷம் குறுவை போட்டீங்களா?" "போட்டோம் சார், எங்ககிட்ட போர் இருக்கு. பக்கத்து வயல்லதான் போடல."

அந்தப் பதில் மூலக் கட்டுரையில் எங்கேயும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினான்: 'மேட்டூர் திறப்பு தாமதமானால் உழவர்கள் குறுவையைக் கைவிடுகின்றனர் என்கிறார் கட்டுரையாளர். எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் அப்போதும் குறுவை போட்டனர். ஆற்று நீரை மட்டும் நம்பியிருந்தவர்களே கைவிட்டனர்.' முதல் வரியின் கடைசியில் கட்டுரையாளர் பெயர், ஆண்டு, பக்கம். நான்கு பத்தியில் மூன்றை இப்படி எழுதினான். நான்காவதில் ஒரு வரையறை இருந்தது. அதை அப்படியே மேற்கோள் குறிக்குள் வைத்து மூலம் காட்டினான். அதற்கு வேறு சொல் தேடுவது வீண்வேலை.

கடைசியாக ஒன்று. ஏற்கெனவே கொடுத்த ஆய்வேட்டைச் சத்தமில்லாமல் மாற்றி மறுபடி ஏற்றச் சொல்லாதீர்கள். பல மென்பொருள்கள் முதலில் ஏற்றியதைச் சேமித்து வைக்கும். அப்புறம் அவனுடைய புதுப் பிரதி அவனுடைய பழைய பிரதியோடேயே ஒத்துப்போய் எண் எகிறும். அந்தப் பழைய பிரதியை விலக்கி ஓட்டச் சொல்ல வழிகாட்டியால்தான் முடியும். அதனால் அவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். அதே 2018 விதிமுறையில், 10-க்கு மேல் 40 சதவீதம் வரை ஒற்றுமை இருக்கும் ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்க 6 மாதத்துக்கு மிகாமல் அவகாசம் தரலாம் என்றே இருக்கிறது. 60-ஐத் தாண்டினால்தான் பதிவே ரத்து. பையனுக்கு இது தெரியவில்லை. 34 என்றதும் படிப்பே போய்விட்டது என்று நினைத்துத்தான் என்னிடம் ஓடி வந்திருக்கிறான்.

"கைடுகிட்ட எப்டி சார் சொல்றது?" என்றான். பழைய அறிக்கையையும் அந்த நான்கு பத்தியையும் தனித் தாளில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.