லெதர் பெல்ட், பர்ஸ்: வெடிப்பும் கறையும் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

போன ஐப்பசி மழையில் நனைந்த மாமாவின் பெல்ட் என் கைக்கு வந்தது. பழுப்பு நிறம், வாணியம்பாடியில் வாங்கியது. பக்கிளைச் சுற்றி மை கொட்டியதுபோல் கறுப்பு வளையம். தினமும் மாட்டும் மூன்றாவது ஓட்டை இழுபட்டு முட்டை வடிவமாகியிருந்தது, அதன் இருபுறமும் முடி போன்ற வெடிப்பு. கவனிக்காமல் விட்ட பெல்ட் இல்லை இது. மாதாமாதம் தேங்காய் எண்ணெய் தடவி வந்திருக்கிறார். அதைச் சரிசெய்த முறையையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எந்த லெதர் என்று பாருங்கள்

பெல்ட்டின் வெளிப்பக்கம் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சில நொடிகளில் உறிஞ்சி அந்த இடம் கருத்தால், அது மேல்பூச்சு அதிகம் இல்லாத தோல். உறிஞ்சாமல் தண்ணீர் முத்தாக நின்றால் மேலே பெயின்ட் பூச்சு இருக்கிறது, எண்ணெய் உள்ளே போகாது, ஈரத்துணியால் துடைத்தாலே போதும். வெட்டிய ஓரத்தில் நாருக்குப் பதில் துணி தெரிந்து, மேல்தோல் செதிலாக உரிந்தால் அது ரெக்சின். அதற்கு எந்த எண்ணெயும் பலன் தராது.

துடைப்பதும் உலர்த்துவதும்

மெல்லிய பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, பெல்ட் முழுவதையும் ஒரே சீராகத் துடையுங்கள். வியர்வை உப்புதான் முதலில் போகவேண்டும். ஓரிடத்தில் மட்டும் தேய்த்தால் அங்கே ஈர வளையம் நின்றுவிடும். பிறகு ஃபேன் காற்றில், நிழலில், ஒரு நாள் முழுவதும் விடுங்கள். வெயிலில் போடுவதும் ஹேர் டிரையர் காட்டுவதும்தான் பெரிய தப்பு. ஈரமான தோல் சூட்டில் சுருங்கி விறைத்துவிடும். அப்படி விறைத்ததை மடக்கும்போதுதான் வெடிக்கிறது.

கறுப்பு வளையம்

இதைப் பலர் அழுக்கு என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோலில் துவர்ப்புச் சத்து இருக்கும். பக்கிளின் துரு ஈரத்தோடு அதைத் தொட்டால் கறுப்பாகிவிடும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. ஆகவே எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சம அளவு கலந்து, பஞ்சில் தொட்டு ஒற்றி, ஒரு நிமிடம் கழித்து வெறும் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். சாறு தோலின் நிறத்தையே வெளுக்கக்கூடும், அதனால் முதலில் உள்பக்கம் சோதித்துப் பாருங்கள். மாமாவின் பெல்ட்டில் இரண்டு முறை செய்தபின் வளையம் வெளிர் சாம்பலானது. முழுதாகப் போகவில்லை.

துருவை விட்டுவைத்தால் கறை திரும்பி வரும். பக்கிளைக் கழற்றி, மெல்லிய எமரி பேப்பரால் துரு நீக்கி, தோல் படும் இடத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் அடித்து மாட்டினேன்.

எண்ணெய்: எவ்வளவு, எப்போது

தோலுக்குள் நார்கள் பின்னிக் கிடக்கின்றன. எண்ணெய்ப் பசை வற்றினால் அவை ஒன்றோடொன்று உரசி அறுந்து வெடிப்பு விழும். பசை மிஞ்சினாலோ வழுக்கி நீண்டுகொடுக்கும். மாமாவின் ஓட்டை முட்டை வடிவமானதற்கு இந்த மிகுதிதான் காரணம். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகக் காறலடிக்கும், தூசியையும் பிடித்துவைக்கும். அதனால் நான் நிறமில்லாத லெதர் கிரீம்தான் பயன்படுத்துகிறேன். பெல்ட் முழுவதற்கும் கொண்டைக்கடலை அளவு, பர்ஸுக்கு அதில் பாதி. நேராகத் தோலில் வைக்காமல் துணியில் தேய்த்துக்கொண்டு, வட்டமாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். விரல் வைத்தால் பிசுக்கு ஒட்டக்கூடாது. தோல் வறண்டு வெளிறித் தெரியும்போது செய்தால் போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது என் கணக்கு. மாமாவின் பெல்ட் ஏற்கெனவே எண்ணெய் குடித்திருந்ததால் அதற்கு நான் கிரீமே போடவில்லை. நிறமுள்ள ஷூ பாலிஷை பெல்ட்டில் போடாதீர்கள், சட்டையில் ஒட்டும்.

பர்ஸுக்கு மட்டும்

சில்லறையையும் பழைய பில்களையும் திணித்தால் தையலருகே தோல் இழுபட்டுத் தொங்கும், பிறகு காலி செய்தாலும் பழைய வடிவத்துக்கு வராது. எண்ணெய்க் கறை விழுந்தால் உடனே முகப்பவுடர் தூவி ஓர் இரவு விட்டுத் தட்டிவிடுங்கள், தேய்க்காதீர்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும். பழைய பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள்.

விழுந்த வெடிப்பு ஒட்டாது. மாமாவிடம் நான்காவது ஓட்டைக்கு மாறச் சொன்னேன். கூடவே இன்னொரு பெல்ட் வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார், கழற்றியதும் பக்கிளைப் பிடித்து ஆணியில் தொங்கவிடுகிறார். மூன்றாவது ஓட்டையருகே இருந்த அந்த முடி வெடிப்பு இன்றுவரை நீளவில்லை.