இரண்டு நாய்கள் சந்திக்கும்போது ஏன் அப்படி மோந்து பார்க்கின்றன? கயிறு பிடித்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

கடற்கரைக்கு நாயைக் கூட்டிப்போக ஆரம்பித்தவர்கள் எல்லாரும் கேட்பது இதுதான்: எதிரே வருகிற நாயின் பின்பக்கத்தில் இது மூக்கை வைக்கிறதே, இழுத்துப் பிடிக்கவா, விடவா? விடுங்கள். ஆனால் எப்படி விடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மண்டபம், பாம்பன் பக்கம் வள்ளத்து நிழலில் படுத்திருக்கிற நாய்களுக்குக் கயிறும் கிடையாது, இழுக்க ஆளும் கிடையாது. அதனால் அவை தங்களுக்குள் அழகாக முடித்துக்கொள்ளும். நம் நாய்க்கு இரண்டும் உண்டு, சிக்கலும் அங்கேதான்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்று, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்ற அளவில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஊசி போடாத நாயைக் கரை நாய்களிடம் கொண்டுபோகவே வேண்டாம்.

அப்படி என்னதான் தெரிகிறது?

நாயின் ஆசனவாயின் இரு பக்கமும், கடிகாரத்தில் நாலு மணியும் எட்டு மணியும் இருக்கிற இடத்தில், தோலுக்குள் இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. அதில் ஊறுகிற திரவத்தின் வாடை ஒவ்வொரு நாய்க்கும் வேறு. இன்னார் என்று அடையாளம், ஆணா பெண்ணா, சூட்டில் இருக்கிறதா, பயந்துபோயிருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பையிலிருந்தும் பக்கத்தில் இருக்கிற சிறுநீர் வாடையிலிருந்தும் கிடைக்கிறது. முகத்திலும் காதோரத்திலும் மோப்பது தனி. வாயோரத்தில், சற்று முன்னால் தின்றது என்ன என்பது தெரியும்.

நமக்கு மூக்கில் வாசனை பிடிக்கிற உணர்செல்கள் சுமார் 50, 60 லட்சம் என்பார்கள். நாய்க்கு 20 கோடிக்கு மேல். இது போக மேல்வாயில், முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு உறுப்பும் உண்டு, பெண்நாயின் சிறுநீரை நக்கிவிட்டு ஆண்நாய் பல்லைக் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருந்தால், அந்த வாடையை இந்த உறுப்புக்கு அனுப்புகிற வேலைதான் அது. மோப்பது நொடிக்கு நாலைந்து முறை நடக்கிறது. மூச்சை வெளியே விடும்போது மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாக விடுவதால், உள்ளே வர வேண்டிய வாடை கலைந்துபோவதில்லை. காய்ந்த மணலில் நாய் மோந்துகொண்டிருக்கும்போது குனிந்து பாருங்கள், மூக்குக்கு நேரே மணல் அசையாது, இரண்டு பக்கமும் பொடி பறக்கும்.

முதலில் காற்றைப் பாருங்கள்

இதை எந்த வெளியூர்ப் பயிற்சியாளரும் நமக்குச் சொல்ல மாட்டார். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிற மாதங்களில் மண்டபம் கரையில் கிழக்கே நடந்தால், நம் வாடை நமக்கு முன்னால் போய்விடும். படுத்திருக்கிற நாய் நம்மைப் பார்க்கும் முன்பே தலையைத் தூக்கும். திரும்பி மேற்கே நடக்கும்போது நிலைமை தலைகீழ்: நம் நாய்க்கு எல்லாம் தெரியும், அந்த நாய்க்கு ஒன்றும் தெரியாது, திடீரென்று வள்ளத்துக்குப் பின்னால் நாம் முளைத்தால் அது பாய்ந்து எழும். அப்போது தூரத்திலேயே கொஞ்சம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

பிறகு கயிறு

பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எதிர் நாயைக் கண்டதும் நம் கை தானாகக் கயிற்றைச் சுருட்டும். கயிறு விறைத்தால் நாயின் கழுத்தும் நெஞ்சும் மேலே தூக்கும், முன்னங்கால் பாரம் குறையும். எதிரே இருக்கிற நாய்க்கு அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சண்டைக்கு வருகிற தோரணையாகத் தெரியும். அதோடு மரியாதையான சந்திப்பு நேருக்கு நேர் நடப்பதில்லை, இரண்டும் வளைந்து வந்து பக்கவாட்டில் சேர்ந்து, ஒன்றின் மூக்கு மற்றதன் வாலடியில் இருக்கும்படி சுற்றும். இழுத்துப் பிடித்த கயிற்றில் அது வளையவே முடியாது.

ஆகவே கயிறு நடுவில் தொய்ந்து தொங்க வேண்டும். நாய்கள் சுற்றினால் நீங்களும் கூடவே சுற்றுங்கள், கயிறு காலில் சிக்காமல் கையை உயர்த்திக்கொள்ளுங்கள். நான் ஆறடி பருத்திக் கயிறும் மார்புப் பட்டையும்தான் சொல்வேன். இரும்புச் சங்கிலி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், கனமும் கழுத்தை இழுக்கும். வலைக்கயிறு ஓசியில் கிடைக்கிறதே என்று கட்டாதீர்கள், உப்பேறி விறைத்தால் கையை அறுத்துவிடும். பொத்தானை அழுத்தினால் நீளுகிற வகைக் கயிறு இந்த வேலைக்கு மகா மோசம், அது எப்போதுமே சிறிது இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

மூன்று எண்ணுங்கள்

மூக்கு போய்ச் சேர்ந்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நீங்கள் திரும்பி நடங்கள். கயிற்றை வெட்டி இழுக்க வேண்டாம், உங்கள் உடம்பு திரும்பினால் போதும். இரண்டு நாயும் உடம்பைத் தளர்த்தி, வாயைத் திறந்து, மறுபடி போகப் பார்த்தால் விடுங்கள், இரண்டாவது முறை நீளமாக இருக்கலாம்.

மோப்பது நின்று, வாய் மூடி, உடம்பு கல்லாகிவிட்டால் உடனே கிளம்புங்கள். வால் கம்பி மாதிரி மேலே நிற்பதும், ஒன்று தலையை மற்றதன் தோள் மேல் வைப்பதும் அதே கணக்குதான். முதுகு மயிர் சிலிர்ப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், பரபரப்பிலும் சிலிர்க்கும்.

ஒரு சந்திப்பைச் சொல்கிறேன். எங்கள் கறுப்பன் ஆண்நாய். எதிரே வள்ளத்தடியில் முலை தொங்கிய பெண்நாய், குட்டி போட்டு அதிக நாள் ஆகியிருக்காது. கறுப்பன் வளைந்து போய்ப் பின்பக்கம் மூக்கை நீட்டினான், அவள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். வாலை இடுக்குவதும் உட்காருவதும் அந்தப் பைகளின் வாடையை மறைக்கிற வழி, தைரியமான நாய் வாலைத் தூக்கித் தாராளமாகக் காட்டும். அவன் விடாமல் காதோரத்துக்குப் போக, அவள் உதட்டைச் சுருட்டி மெல்ல உறுமினாள். நான் திரும்பி நடந்தேன். கயிறு தளர்ந்தே இருந்ததால் அவனும் கூட வந்தான். பத்தடி போவதற்குள் அவளே பின்னால் வந்து அவன் பின்பக்கத்தை மோந்தாள், அப்புறம் வாயோரத்தை நீண்ட நேரம் மோந்தாள். மதியம் அவன் தின்றது சூடை மீன் சோறு. நடந்துபோகிற நாயைப் பின்னாலிருந்து மோப்பது பயந்த நாய்க்குச் சுலபம், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. அதனால் தயங்குகிற நாய் எதிர்ப்பட்டால் நிற்காமல் மெதுவாக நடந்துகொண்டே இருங்கள்.

பின்னர் சேர்த்தது

அழுகின மீனில் புரண்டு வந்த நாயை மற்றவை கழுத்திலேயே மோந்துகொண்டு நிற்கின்றன, ஏன் என்று கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வேறு வாடை மேலே ஏறியிருக்கிறது, முதலில் அதைத்தான் ஆராயும். பயப்பட ஒன்றுமில்லை, மூன்றுக்குப் பதில் ஐந்து எண்ணுங்கள்.

இன்னொருவர், தன் நாயைப் பார்க்கிற நாயெல்லாம் பின்பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது, போதாததற்குத் தன் நாயும் தரையில் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே நகர்கிறது என்று எழுதினார். பெண்நாயாக இருந்தால் சூட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சூட்டில் இருந்தால் சுமார் மூன்று வாரம் கரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இல்லையென்றால் அந்தப் பைகள் வடியாமல் நிரம்பியிருக்கலாம். கால்நடை மருத்துவர் கையுறை போட்டுப் பிதுக்கி எடுத்துவிடுவார். வீட்டில் நீங்களே அமுக்கிப் பார்க்காதீர்கள், சீழ் பிடித்திருந்தால் உடைந்து புண்ணாகிவிடும்.