நண்பருக்காகத் தமிழ்க் குறிப்பை ஆங்கிலமாக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

வகுப்புக்கு வர முடியாமல் போன நண்பருக்கு ஆங்கிலத்தில்தான் பாடம் புரியும். கையில் இருப்பதோ வேகமாகக் கிறுக்கிய தமிழ்க் குறிப்பின் கைபேசிப் படம். இந்த நிலையில் பலரும் படத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே நேராக ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான பிழைகளுக்கு இதுதான் வேர். புரியாத ஓர் எழுத்தை ஊகித்துத்தான் படிக்கிறோம். அந்த ஊகம் ஆங்கில வாக்கியத்துக்குள் போன பிறகு சந்தேகத்தின் சுவடே இல்லாமல் திருத்தமாக நின்றுவிடுகிறது. நண்பர் அதைப் பாடமாகவே படித்துவிடுவார்.

முதலில் படத்தில் உள்ளதைத் தமிழிலேயே வரிக்கு வரி படியெடுங்கள். தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள். இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஒரு பக்கக் குறிப்புக்குச் சற்று நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது படம். எழுத்து பளிச்சென்று தெரியட்டும் என்று ஸ்கேன் செயலியின் கறுப்பு வெள்ளை வடிகட்டியைப் போட்டுவிடுவது நல்ல நோக்கத்தோடு செய்யும் தவறு. மெல்லிய புள்ளிகளை அது அழித்துவிடும். அடித்தெழுதிய இடத்தில் பழைய மைக்கும் புதிய மைக்கும் உள்ள நிற வேறுபாட்டையும் சமப்படுத்திவிடும். வண்ணப் படத்தையே பயன்படுத்துங்கள். அரட்டைச் செயலியில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுவதுண்டு என்பதால், கோப்பாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வேகக் கையெழுத்தில் எந்தெந்த எழுத்து எதனோடு குழம்பும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். 'ர' எழுத்தின் அடிச்சாய்வை விட்டுவிட்டால் அது துணைக்காலாகவே தெரியும். 'பரப்பு' என்பது 'பாப்பு' போல நிற்கும். அப்படி ஒரு சொல் இல்லாததால் அங்கே ஏமாற மாட்டோம். இரண்டு வாசிப்பும் பொருள் தரும் இடங்களில்தான் ஆபத்து. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சுழி தேய்ந்து ஒன்றுபோலானால் 'மேல்தோல்' என்பதை 'மெல்தோல்' என்று படித்து, மெல்லிய தோல் என்று மொழிபெயர்த்துவிடலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 'ன', 'ண' இரண்டின் சுழிகளும் ஒடுங்கினால் கணிதக் குறிப்பில் 'கணம்', 'கனம்' இரண்டும் ஒன்றாகிவிடும்; முன்னது செட், பின்னது கியூப். இத்தகைய இடத்தில் அந்த ஒரு சொல்லையே உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. அதே பக்கத்தில் அதே கை ஐயமில்லாமல் எழுதிய 'ண' ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒருவர் எழுத்தை எப்படிச் சிதைப்பார் என்பது பக்கம் முழுக்கப் பெரும்பாலும் மாறாது.

புள்ளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வரிகள் நெருக்கமாக இருந்தால், கீழ்வரி மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரி எண்ணின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். 25 என்ற எண் 2.5 ஆகிவிடும். எண்ணுக்குக் கீழே புள்ளி தெரிந்தால், அதற்கு நேர் கீழே உள்ள எழுத்துக்கு ஏற்கெனவே புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே புள்ளி தேவைப்பட்டும் இல்லையென்றால், மேலே தெரிவது பெரும்பாலும் அதனுடையதுதான்.

அடித்தெழுதிய எழுத்துகளுக்கு ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். பாயில் விதி பற்றிய குறிப்பில் இப்படி ஒரு வரி: "வெப்பநிலை மாறாதபோது, குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் கன அளவு அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும்." இதில் 'மாறாதபோது' என்ற இடத்தில் 'மாறும்போது' என்பதும், 'எதிர்' என்ற இடத்தில் 'நேர்' என்பதும் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. மேலே எழுதியது எது, அடியில் இருப்பது எது என்று படத்தில் உடனே தெரியவில்லை.

முதலில் மையைப் பாருங்கள். இரண்டாம் முறை எழுதுபவர் அழுத்தி எழுதுவது வழக்கம்; அந்தக் கோடுகள் தடித்து, கருத்து, தொடர்ச்சியாக ஓடும். பழைய சொல்லுக்கு மட்டும் உரிய கோடுகள் வெளிறி அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு இடத்தைப் பாருங்கள். 'நேர்' இரண்டெழுத்து, 'எதிர்' மூன்றெழுத்து. பழைய சொல்லின் இடத்துக்குள் புதியதைத் திணிக்க வேண்டியிருப்பதால், நெருக்கிக் குறுக்கிய எழுத்துகளே பின்னர் எழுதியவை.

அதன் பிறகுதான் பாடத்தைத் துணைக்கு அழைக்க வேண்டும். வரிக்குக் கீழே ஒரு கணக்கு இருக்கிறது: 2 லிட்டர் வாயு 1 வளிமண்டல அழுத்தத்தில் உள்ளது, அழுத்தம் 4 ஆனால் கன அளவு 0.5 லிட்டர். அழுத்தம் நான்கு மடங்கு கூட, கன அளவு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. எனவே 'எதிர்' சரி. கணக்கில் வெப்பநிலை 27 °C என்று ஒரே ஒரு முறைதான் வருகிறது, மாறும் வெப்பநிலை எதுவும் இல்லை. எனவே 'மாறாத' சரி. மையும் இடமும் கணக்கும் ஒரே பக்கம் சாய்ந்தால் துணிந்து மொழிபெயர்க்கலாம்.

மூன்றும் ஒத்துப்போகாவிட்டால்? தெளிவான மையில் 'நேர்' என்றே எழுதியிருந்து, கணக்கு மட்டும் எதிர்விகிதத்தைக் காட்டினால், குறிப்பெழுதியவரே தவறாகக் கேட்டிருக்கலாம். அதைச் சத்தமில்லாமல் திருத்திவிடாதீர்கள். எழுதியிருப்பதை அப்படியே மொழிபெயர்த்து, கீழே உள்ள கணக்கோடு இது பொருந்தவில்லை என்று அடைப்புக்குறிக்குள் சொல்லுங்கள். நண்பருக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

எழுத்தைச் சரியாகப் படித்த பிறகும் கலைச்சொல்லில் தவறலாம். மேலே வந்த 'நிறை' தமிழ்நாட்டுப் பாடநூலில் மாஸ். வெயிட் என்பதற்கு அங்கே 'எடை'. இலங்கைப் பாடநூலில் மாஸ் என்பது 'திணிவு'. 'நிறை' என்றாலே வெயிட். 'வேகம்' என்பதும் அப்படித்தான்: தமிழ்நாட்டில் ஸ்பீடு, வெலாசிட்டிக்கு 'திசைவேகம்', இலங்கையில் 'வேகம்' வெலாசிட்டி, ஸ்பீடு 'கதி'. குறிப்பு எந்தப் பாடத்திட்டத்தில் எழுதியது என்று தெரியாமல் பொது அகராதியைப் புரட்டினால் இயற்பியலே தலைகீழாகும். 'முடுக்கம்' என்று இருந்தால் தமிழ்நாடு, 'ஆர்முடுகல்' என்று இருந்தால் இலங்கை. அந்த ஒரு சொல்லே பாடத்திட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். கலைச்சொல்லுக்கு ஆங்கிலம் தேட, அதே வகுப்பின் ஆங்கிலவழிப் பாடநூலில் அதே பாடத்தைத் திறந்து வைத்துக்கொள்வதே நம்பகமான வழி.

எஞ்சிய கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறிப்பெழுதியவரைத் தொல்லை செய்யாதீர்கள். எல்லாவற்றையும் வரி எண்ணோடு சேர்த்து ஒரே முறை கேளுங்கள். 'இந்தச் சொல் என்ன?' என்பதைவிட, 'ஏழாம் வரியில் மேல்தோலா, மெல்தோலா?' என்று கேட்டால் அவருக்கும் சட்டென்று நினைவு வரும். பதில் வராத சொற்களை ஆங்கிலப் படியில் கேள்விக்குறியோடு விட்டு, அந்த வரியை மட்டும் பெரிதாக வெட்டியெடுத்த படத்தைப் பக்கத்தில் ஒட்டி அனுப்புங்கள். நண்பர் ஆசிரியரிடம் காட்டிக் கேட்க அது போதும்.