நேர்காணலைத் தள்ளிவைக்கக் கேட்டு நான் எழுதிய கடிதம்

மறுநாள் காலை 10 மணிக்கு நேர்காணல். இரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தோம். விடியும்வரை காத்திராமல், மருத்துவமனை வராந்தாவிலிருந்தே மின்னஞ்சல் அனுப்பினேன். பொருள் வரியில் என் பெயர், பணியின் பெயர், தேதி, நேரம் எல்லாம் இருந்தன. ஒரே நாளில் பலரை அழைத்திருப்பவர் என்னைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா?

கடிதம் இவ்வளவுதான்:

"வணக்கம். என் தந்தை இன்றிரவு திடீரென மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதால், நாளை 14ஆம் தேதி காலை 10 மணி நேர்காணலுக்கு வர இயலாத நிலையில் இருக்கிறேன். 17 அல்லது 18ஆம் தேதி எந்த நேரமானாலும் வருகிறேன். காணொளி வழியாக என்றால் 16ஆம் தேதி மாலையே இயலும். சிரமத்துக்கு வருந்துகிறேன்."

கீழே கைபேசி எண்.

சேர்க்கைச் சீட்டையும் இணைக்கச் சொன்னார் அண்ணன். நான் இணைக்கவில்லை. கேட்டால் காட்டலாம்; கேட்காமலே அப்பாவின் மருத்துவ விவரத்தை அந்நியரிடம் நீட்டுவானேன்?

அலுவலகம் திறந்ததும் தொலைபேசியிலும் சொன்னேன். 10 மணிக்குள் மின்னஞ்சலைப் பார்ப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. பார்க்கத்தான் இல்லை. பேசிய பெண் அங்கேயே திறந்து படித்துவிட்டு, 18ஆம் தேதி வரச் சொன்னார். அதை எழுத்திலும் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன்.