போட்டோவில் வந்த சரக்கிருப்புக் கணக்கு: விலையை முதலில் சரிபாருங்கள்

சரக்கிருப்புக் கணக்குத் தாளைப் போட்டோவில் பார்த்துப் போடும்போது, கொள்முதல் விலை 13 என்பது 18 போலத் தெரியலாம். தாளில் உள்ள கொள்முதல் தொகையை அளவால் வகுத்துப் பாருங்கள்: ரூ.2,600 ÷ 200 அலகு = ரூ.13. சந்தேகம் தீர்ந்தது.

தொடக்க இருப்பு 100, விலை ரூ.10. அப்புறம் கொள்முதல் 200, விலை ரூ.13. மொத்தம் 300 அலகு, ரூ.3,600. அதன்பின் விற்றது 240, மீதி 60.

முதலில் வந்தது முதலில் போகும் முறையில், மீதி 60-ம் புதுச் சரக்குதான்: 60 × 13 = ரூ.780.

எடையிட்ட சராசரியில் பலரும் 10, 13 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 11.50 என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு, அளவும் சேர வேண்டும். 3,600 ÷ 300 = 12, ஆக இருப்பு ரூ.720.

விற்ற சரக்கின் அடக்கத்தோடு இறுதி இருப்பைக் கூட்டினால், எந்த முறையிலும் 3,600 வர வேண்டும்: முதல் முறையில் 2,820 + 780, சராசரியில் 2,880 + 720. வராவிட்டால் போட்டோவைப் பெரிதாக்கி எண்களை மறுபடி பாருங்கள்.